பல்லுக்கொழுக்கட்டையன்று மகள் கடிக்கவில்லை

மகளுக்குப் பல் முளைத்துவிட்டது என்று சொன்னதும் என் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "கீழயோ மேலயோ?" என்பதுதான். யாழ்ப்பாணத் தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் இருந்து வெயிலில் நடந்துபோய், தொலைபேசிக் கடையில் காத்திருந்து, பாரிசுக்குக் கோல் எடுத்திருந்தேன். பிள்ளை சுகமா என்று அவர் கேட்கவில்லை. நான் சுகமா என்றும் கேட்கவில்லை.

"கீழ, அண்ணை," என்றேன்.

மறுமுனையில் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்குக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். நாலு நாட்டு எல்லையைக் களவாகக் கடந்தவர் என் அண்ணன். அப்படிப்பட்டவர் ஒரு கைக்குழந்தையின் முரசில், பல் ஈறில், எந்தப் பக்கம் வெள்ளை தெரிகிறது என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறார்.

"அப்ப நான் வாறன். கொழுக்கட்டை நான்தான் கொட்டுவன். வீடியோக்கும் ஆளைப் பிடிச்சு வை," என்றார். முதல் பல் முளைத்த பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டுவது எங்கள் பக்கத்துச் சடங்கு.

சமாதான காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. சண்டை நின்று பாதை திறந்திருந்தது. வெளிநாட்டுக்காரர் வந்து பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்து பார்த்து, அழுது, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வர முடியாதவர்களுக்கு வீடியோ போனது. கலியாணம், சாமத்தியம், செத்த வீடு எல்லாம் கசெற்றில் கடல் தாண்டின. என் மகளின் முதல் பல்லும் அந்த வரிசையில் சேரவேண்டும் என்று முடிவானது.

என் வீட்டில் பெரியவர்கள் என்று அப்போது யாருமில்லை. அம்மாவும் அப்பாவும் இடம்பெயர்ந்திருந்த காலத்திலேயே போய்விட்டார்கள். கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. ஆகவே அவருடைய அக்கா, என் மச்சாள், அடுத்த ஒழுங்கையில் இருந்து தினமும் வந்து என் சீதன வீட்டை ஆண்டுகொண்டிருந்தார். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். அந்த ஐந்து பேரும் உயிரோடு இருப்பதே தன் வைத்தியத்துக்குச் சாட்சி என்று நம்பினார். கெட்ட மனுசி இல்லை. எனக்குப் பிள்ளைப்பேறு நடந்த நாளில் என் உடுப்பெல்லாம் தோய்த்துப் போட்டவர் அவர்தான். ஆனால் அவருக்கு எதிரே வேறொருவர் வாய் திறந்தால் அது வாய்க்கொழுப்பு.

எனக்கு வாய்க்கொழுப்பு உண்டு. அதை நான் மறுத்ததே இல்லை.

பல் முளைக்கத் தொடங்கிய நாட்களில் மகள் கடிக்காத சாமான் வீட்டில் இல்லை. கரண்டி, என் தாலிக்கொடி, ஏணைத் தொட்டிலின் கரை, மச்சாளின் குடைப்பிடி, எல்லாவற்றிலும் அவளுடைய வீணீர் இருந்தது. பால் குடிக்கும்போது என்னைக் கடித்துவிட்டு முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். முரசு சிவந்து தடித்திருந்தது. நாடியில் வீணீர் பட்டுச் சின்னச் சின்னதாகப் பொரிந்திருந்தது. இரவில் இரண்டு தரம் எழும்பிச் சிணுங்குவாள். ஆனால் பகல் வந்தால் தவழ்ந்து போய்க் கோழியைத் துரத்துவாள். அது பல். அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அந்தப் பல்லுக்கு வைத்தியம் சொல்ல ஊரே வந்தது. மச்சாள் தேன் கொண்டுவந்து முரசில் பூசப் போனார். ஒரு வயதுக்கு முன்னம் தேன் நாக்கில்கூட வைக்கக்கூடாது என்று கிளினிக்கில் மருத்துவிச்சி சொல்லியிருந்தார்; அதில் இருக்கக்கூடிய கிருமி பெரியவர்களை ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் உடம்பைச் சோர்ந்து விழப்பண்ணிவிடும் என்று. தேன் போத்தலை வாங்கி அலுமாரியில் வைத்தேன். பிறகு வசம்பைக் கறுத்த நூலில் கோத்துக் கழுத்தில் கட்டினார். ஏணையில் கிடந்து உருளுகிற பிள்ளையின் கழுத்தில் நூலா? அவர் ஒழுங்கை திரும்பும் முன்னமே வெட்டி எறிந்தேன். மூன்றாவதாக வந்தது ஒடியல். காய்ந்து கல்லாகிப்போன பனங்கிழங்குத் துண்டு ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "சப்பட்டும், முரசு உரமேறும்," என்றார்.

"முறிஞ்சு தொண்டையில போனா?"

"என்ர அஞ்சும் ஒடியல் சப்பித்தான் வளந்ததுகள். ஒண்டுக்கும் தொண்டையில போகேல்லை."

"போயிருந்தா இப்ப நாலெண்டு சொல்லியிருப்பியள், மச்சாள்."

இரண்டு நாள் அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் நிம்மதியாக இருந்தேன்.

நான் செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலால் முரசை மெதுவாக அழுத்தித் தடவுவேன். கொதித்தாறிய தண்ணீரை மண்முட்டியில் ஊற்றி மூடி வைத்தால் கரண்ட் இல்லாத எங்கள் ஒழுங்கையிலும் அது குளிர்ந்து கிடக்கும். கழுவி அவித்துக் காயவைத்த பருத்தித் துணியின் ஒரு முனையை அதில் நனைத்துப் பிழிந்து, முறுக்கிக் கொடுப்பேன். மறுமுனையை நான் பிடித்திருப்பேன். அவள் அதைக் கடித்து இழுப்பாள், நான் இழுப்பேன். வீணீரை ஒற்றித் துடைப்பேன். கேட்டபோதெல்லாம் பால் கொடுப்பேன். அவ்வளவுதான்.

அண்ணன் வந்து இறங்கியபோது அவருடைய பெட்டிக்குள்ளும் வைத்தியம் இருந்தது. முரசு மரத்துப்போகப் பூசுகிற களிம்பு ஒன்று, தண்ணீர் அடைத்த கடிவளையம் ஒன்று, ஒரு டிஜிற்றல் காய்ச்சல்மானி, விமான நிலையத்தில் வாங்கிய பிரண்டி ஒரு போத்தல். பிரண்டியில் விரலைத் தொட்டு முரசில் வைத்தால் பிள்ளை அயர்ந்து நித்திரை கொள்ளும் என்றார்.

"பிள்ளைக்கு வெறி ஏத்திப்போட்டு நித்திரை எண்டு சொல்லுறியளோ? நீங்கள் குடிக்கிறதெண்டாக் குடியுங்கோ. இவளுக்கு வேண்டாம்."

களிம்பையும் திருப்பிக் கொடுத்தேன். மரத்துப்போகச் செய்கிற மருந்து வீணீரோடு தொண்டைக்குள் இறங்கினால் விழுங்குகிறதும் மரத்துப்போகும். கைக்குழந்தைக்குப் பூசவே வேண்டாம் என்பது கிளினிக்கில் கேட்டதுதான். கடிவளையத்தைக் கழுவிக் குளிர்ந்த தண்ணீருக்குள் போட்டேன், அது நல்லது. காய்ச்சல்மானியை அலுமாரியில் வைத்தேன். அண்ணன் முகம் தொங்கிப்போனது. நான் சமாதானம் சொல்லப் போகவில்லை.

கொழுக்கட்டை கொட்டுகிற நாள் விடியும்போது மகளின் உடம்பு கொதித்தது. அக்குளில் காய்ச்சல்மானியை வைத்தேன். முப்பத்தொன்பது காட்டியது. கிளினிக்கில் அவளுடைய நிறைக்கு எழுதித் தந்த அளவில் பரசிற்றமோல் பாணி கொடுத்தேன். சூடு கொஞ்சம் இறங்கியது. ஆனால் தண்ணீராக வயிற்றால் போகத் தொடங்கியது. குடித்த பாலையும் இரண்டு தரம் சத்தி எடுத்தாள்.

குசினியில் மாக் குழைத்துக்கொண்டிருந்த மச்சாளிடம் போய்ச் சொன்னேன்.

"பல்லுக் காய்ச்சல்," என்றார், மாவில் இருந்து கையை எடுக்காமலே. "பல்லுக் கழிச்சல். ரெண்டாம் பல்லு முரசை வெட்டுது. கொழுக்கட்டை கொட்டினாப் பல்லு சுகமா வந்திடும், பல்லு வந்தாக் காய்ச்சல் விட்டிடும்."

"முப்பத்தொன்பது காட்டுது, மச்சாள்."

"அது பிரான்சுக் காய்ச்சல். எங்கட ஊர்க் காய்ச்சல் நூறு, நூற்றிரண்டு எண்டுதான் வரும்."

அண்ணன் மச்சாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேற்றடியில் நின்ற வானைப் பார்த்தார். அது அவர் யாழ்ப்பாணத்தில் வாடகைக்குப் பிடித்து வந்த வான்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும், அண்ணை."

"வீடியோக்காரன் வந்திட்டான். சனமும் வரத் தொடங்கியிட்டுது. கொட்டிப்போட்டுப் போவம். நாளையிண்டைக்கு நான் பிளேன் ஏற வேணும், பேந்து எப்ப வருவனோ தெரியாது."

அதற்குள் படலையால் ஆட்கள் வந்துவிட்டார்கள். பிள்ளையை என் கையில் இருந்து வாங்கிப் பட்டுச் சட்டை போட்டார்கள். காப்பும் சங்கிலியும் போட்டார்கள். கன்னத்தில் பொட்டு வைத்தார்கள். அவள் எல்லாவற்றுக்கும் உடன்பட்டுக் கிடந்தாள். என் மகள் உடன்படுகிற பிள்ளை இல்லை.

வெள்ளை விரித்த பாயில் என்னை இருத்தி, மடியில் அவளை இருத்தினார்கள். எதிரே ஒரு தட்டம். அதில் புத்தகம், பேனை, தங்கச் சங்கிலி, கண்ணாடி, கத்தரிக்கோல், மண். அவள் எதை எடுக்கிறாளோ அதுவே அவளுடைய எதிர்காலம். வீடியோக்காரர் குந்தியிருந்து கமெராவைத் தட்டத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பாரிசில், ரொறன்ரோவில், சூரிச்சில் இருக்கிற எங்கள் சனம் எல்லாம் அந்தக் கமெராக் கண்ணாடிக்குப் பின்னால் காத்திருந்தது.

அவள் ஒன்றையும் எடுக்கவில்லை.

"பேனையைக் கிட்ட வையுங்கோ," என்றது ஒரு குரல். "சங்கிலி மினுங்குது, சங்கிலியைத்தான் எடுப்பாள்," என்றது இன்னொன்று. சங்கிலியை யாரோ அவளுடைய கைக்குள்ளேயே வைத்தார்கள். கை திறந்தபடி கிடந்தது. சங்கிலி வழுகி மடியில் விழுந்தது.

நான் அந்தச் சங்கிலியை எடுத்து அவளுடைய வாயடியில் கொண்டுபோனேன். முதல் நாள் என்றால் அதைப் பிடுங்கிக் கடித்திருப்பாள். இப்போது வாய் திறக்கவில்லை. கழுவியிருந்த என் விரலைக் கொடுத்தேன். பல்லுக்கு மேலேயே வைத்தேன். கடிக்கவில்லை. நாக்கு உலர்ந்து விரலில் ஒட்டியது. வீணீர் ஒரு சொட்டு இல்லை.

பல் வருகிற பிள்ளை கடிக்கும். வீணீர் வடிக்கும். இவள் இரண்டையும் விட்டுவிட்டாள். அப்போது அண்ணன் சுளகைத் தூக்கிக் கொழுக்கட்டையைத் தலையில் கொட்டினார். தேங்காய்ச் சொட்டுப் பல் குத்திய சின்னச் சின்னக் கொழுக்கட்டைகள். அவளுடைய தலையில் பட்டு, தோளில் பட்டு, என் மடியெல்லாம் உருண்டன. அவள் முகத்தைச் சுருக்கி அழுதாள். அழுகைச் சத்தம் பூனைக்குட்டியின் சத்தம் போலக் கேட்டது. கண்ணீர் வரவில்லை.

நப்கினுக்குள் கை வைத்துப் பார்த்தேன். காலையில் வயிற்றால் போனதற்குப் பிறகு மாற்றிய நப்கின். சலம் போன ஈரம் இல்லை.

இந்தப் பிள்ளை என் மடியில், நூறு கொழுக்கட்டைக்கு நடுவில், எல்லோரும் சிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கச் செத்துப்போகும் என்று பட்டது. பயந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். எழும்பினேன். மடியில் இருந்த கொழுக்கட்டை எல்லாம் பாயில் கொட்டுப்பட்டன.

"இரும், இன்னும் ஆலாத்தி எடுக்கேல்லை," என்றார் மச்சாள்.

"உங்கட ஆலாத்தியை நீங்கள் எடுங்கோ. நான் ஆஸ்பத்திரிக்குப் போறன்."

"பல்லுக்குப் பயந்து பாதியில எழும்புறதோ? எங்கட குடும்பத்தில ஆரும் இப்பிடிச் செய்யேல்லை. சனம் என்ன சொல்லும்?"

"சனம் சொல்லுறதை வீடியோவில எடுத்து வையுங்கோ. நான் வந்து ஆறுதலாப் பாக்கிறன்."

"நீர் பிள்ளைக்குச் சகுனப் பிழை செய்யிறீர்."

"மச்சாள், இவள் காலையில இருந்து சலம் விடேல்லை. அழுறாள், கண்ணீர் வரேல்லை. கடிக்கிறாளில்லை. பல்லு எண்டாக் கடிக்கமாட்டாளோ? எந்தப் பல்லு பிள்ளையின்ர கண்ணீரைக் குடிக்கும்? சொல்லுங்கோ."

நான் கேற்றடிக்கு நடந்தேன். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த வான் சாரதி இலையில் இருந்து நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். காசு கொடுப்பவர் அவர்தானே.

"அண்ணை," என்றேன். "மேல்பல்லு வந்தா உங்களுக்குக் கூடாதெண்டு பயந்தனீங்கள். கீழ்ப்பல்லோட இவள் போனா ஆருக்குக் கூடாது?"

அண்ணன் சுளகைக் கீழே வைத்தார். சாரதியின் கையில் தண்ணீர் ஊற்றி, அவரே வான் கதவை இழுத்துத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இளம்பெடியன். மகளின் தலையில் ஒட்டியிருந்த மாவையும் கன்னத்துப் பொட்டையும் பார்த்தார். உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். அது பள்ளமாகத் தாழ்ந்திருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். அது உடனே திரும்பாமல் மெல்லத்தான் படிந்தது. காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நெஞ்சைக் கேட்டார். முரசையும் பார்த்தார்.

"பல்லும் வருகுதுதான்," என்றார். "ஆனா இது பல்லால வந்ததில்லை. பல்லு வந்தா உடம்பு கொஞ்சம் சுடலாம், இவ்வளவு காய்ச்சல் வராது. வயித்தோட்டமும் சத்தியும் வராது. இது வயித்துக்குள்ள கிருமி."

பின்னால் நின்ற அண்ணன், "எல்லாம் ஒரே நேரத்தில வந்துதே, டொக்டர்," என்றார்.

"ஒரே வயசில வரும். ஆறு மாசத்துக்குப் பிறகு தாய் குடுத்த எதிர்ப்புச் சக்தி குறையும். அந்த நேரத்திலதான் தவழும், கண்டதெல்லாம் வாயில வைக்கும். பல்லும் அப்பத்தான் வரும். பழி பல்லில விழும்."

பிள்ளையை வார்ட்டில் மறித்து வைக்கச் சொன்னார். ஜீவனி என்கிற உப்புச்சீனிப் பொடிப் பக்கற்றைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துத் தந்தார்கள். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். சத்தி எடுத்தால் சற்று நேரம் விட்டுவிட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும். முலைப்பாலை நிற்பாட்டக்கூடாது. உள்ளே நிற்காமல் போனால், அல்லது பிள்ளை இன்னும் சோர்ந்தால், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிச் சேலைன் ஏற்ற வேண்டும் என்றார்.

நான் கரண்டியைப் பிடித்தேன். முதல் கரண்டி வாயோரத்தால் வழிந்தது. பிறகு ஒன்று போனது. பிறகு அதையும் சத்தி எடுத்தாள். அண்ணன் வெளியே போய் நின்று சிகரெட் பற்றவைத்தார். நான் அழவில்லை. அழுதால் கரண்டி ஆடும். திரும்பவும் தொடங்கினேன். ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. பட்டுச் சட்டையில் எல்லாம் வழிந்து ஒட்டியது. அந்தச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அவளை வெறும் மேலோடு என் நெஞ்சில் போட்டுக்கொண்டு கொடுத்தேன். பொழுது படும்போது என் மடி நனைந்தது. சலம். அப்போதுதான் அழுதேன், சத்தமாக, பக்கத்துக் கட்டில்காரி பயந்து எழும்பும் அளவுக்கு.

அடுத்த நாள் காலை மச்சாள் வந்தார். கையில் சுடுதண்ணீர்ப் போத்தல், எனக்குக் கஞ்சி. முகம் கறுத்துக் கிடந்தது. கட்டிலின் ஓரத்தில் இருந்து, பிள்ளையை ஒருமுறை தலையில் இருந்து கால்வரை பார்த்தார்.

"கொழுக்கட்டை கொட்டினபடியாத்தான் காய்ச்சல் இறங்கினது," என்றார்.

மகள் சுவரில் போன பல்லியைத் தலை திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இன்னும் கொஞ்சம் உள்ளேதான் இருந்தது. ஆனால் அது பார்க்கிற கண்.

"ரெண்டாம் பல்லும் வெட்டியிருக்கும். அதுதான் இறங்கினது. பாப்பம்," என்றபடி மச்சாள் விரலை நீட்டினார்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் சவர்க்காரக் கட்டியை நீட்டினேன். ஐந்து பிள்ளை வளர்த்த மனுசி, வார்ட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, எழும்பிப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். வந்து பிள்ளையின் வாய்க்குள் விரலை வைத்துக் கீழ் முரசைத் தடவினார்.

மகள் கடித்தாள். இரண்டு பல்லாலும், உள்ள பலம் எல்லாம் சேர்த்துக் கடித்தாள். மச்சாள் "ஐயோ" என்று விரலை இழுத்தார், அவள் விடவில்லை. வீணீர் நாடியால் வடிந்து அவருடைய காப்பில் விழுந்தது. மச்சாளின் கண் நிறைந்துவிட்டது. நோவிலா, வேறெதிலா என்று நான் கேட்கவில்லை.

"பல்லுத்தான்," என்றார் அவர், விரலை எடுக்காமல்.

"ஓம் மச்சாள்," என்றேன். "இது பல்லு."